தாத்தா வாங்கிய ஓவியத்தை விற்றால் வரி உண்டா?

பரம்பரையாக வந்த பழம்பொருளை விற்கும் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஒருவர், "தாத்தா சொத்து சும்மா வந்தது, அதற்கு ஏது வரி?" என்பார். இன்னொருவர், "நாம் காசு கொடுத்து வாங்கவில்லை, அதனால் வந்த பணம் முழுவதற்கும் வரி கட்ட வேண்டும்" என்பார். இரண்டுமே சரியல்ல. முதலாமவர் பேச்சைக் கேட்டவர்களுக்குச் சில வருடங்கள் கழித்து நோட்டீஸ் வருகிறது. இரண்டாமவர் பேச்சைக் கேட்டவர்கள் தேவைக்கு மேல் வரி கட்டுகிறார்கள், அல்லது பயந்துபோய் வியாபாரியிடம் ரொக்கத்துக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். எவ்வளவு வரி என்பது விற்கப்படும் பொருள் என்ன என்பதையும், வீட்டில் என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது.

பொருள் வாரிசின் கைக்கு வருவதற்கு இந்தியாவில் இன்று வரி இல்லை. 1953 முதல் 1985 வரை எஸ்டேட் டியூட்டி என்ற மரண வரி இருந்தது. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்துகளை மதிப்பிட்டு வசூலித்தார்கள். 1985 மார்ச்சுக்குப் பிறகு நேர்ந்த மரணங்களுக்கு அது கிடையாது. உயில் மூலமாகவோ வாரிசுரிமையாகவோ வரும் பொருளை வருமான வரிச் சட்டமும் வருமானமாகப் பார்ப்பதில்லை. அந்தப் பொருளை விற்கும் நாளில்தான் கேள்வி எழுகிறது. அப்போதும் விற்ற பணம் முழுவதற்கும் வரி விழாது; அதில் அடங்கிய ஆதாயத்துக்கு மட்டுமே மூலதன ஆதாய வரி.

எல்லாப் பழம்பொருளுக்கும் அது பொருந்தாது. குடும்பத்தார் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள்களைச் சட்டம் மூலதனச் சொத்து என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. உடை, மேசை நாற்காலி, கட்டில், பாத்திரம் போன்றவை அதில் அடங்கும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஆடிய தேக்கு ஊஞ்சல் நூறு வயதைக் கடந்து நல்ல விலைக்குப் போனாலும், அது உண்மையில் குடும்பத்தின் உபயோகத்தில் இருந்தது என்றால் மூலதன ஆதாயக் கணக்கே இல்லை. ஆனால் இந்த விலக்கிலிருந்து சிலவற்றைச் சட்டம் பெயர் சொல்லிப் பிரித்து எடுத்திருக்கிறது. நகை முன்பே அந்தப் பட்டியலில் இருந்தது. தொல்பொருள் சேகரிப்புகள், வரைபடங்கள், ஓவியங்கள், சிற்பங்கள், பிற கலைப்படைப்புகள் ஆகியவற்றை 2007ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்தது. ஆகவே, கூடத்துச் சுவரில் தினமும் பார்த்துக் கும்பிட்ட தஞ்சாவூர் ஓவியமாக இருந்தாலும், பூஜை அறையிலிருந்த வெண்கலச் சிலையாக இருந்தாலும், சொந்த உபயோகம் என்ற காரணத்தைச் சொல்லித் தப்ப முடியாது.

ஊஞ்சலுக்கும் ஓவியத்துக்கும் நடுவில் தெளிவில்லாத பொருள்கள் பல உண்டு. வாரிசு சென்னையில் குடியிருக்க, சொந்த ஊரில் பூட்டிய வீட்டில் முப்பது வருடமாக யாரும் உட்காராத நாற்காலிகளை அதிகாரி உபயோகப் பொருளாக ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம். செட்டிநாட்டு வீட்டை இடிக்கும்போது பெயர்த்தெடுத்து விற்கும் நிலைக்கதவும் தூணும் அதுவரை கட்டடத்தின் பாகமாக இருந்தவை. அவற்றை மேசை நாற்காலியோடு சேர்ப்பது கடினம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய பொருள்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அங்கே விற்றவர்களில் எத்தனை பேர் இந்த வேறுபாட்டை யோசித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது கவலையாகத்தான் இருக்கிறது.

உபயோகம் என்ற சொல்லை நீதிமன்றம் எவ்வளவு இறுக்கமாகப் பார்க்கிறது என்பதற்கு 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தோல்பூர் மகாராஜா வழக்கு நல்ல சான்று. தங்கக் காசு, வெள்ளிக் காசு, வெள்ளிப் பாளம் ஆகியவற்றை விற்ற மகாராஜா, அவை மகாலட்சுமி பூஜையில் வைக்கப்பட்டவை, ஆகவே சொந்த உபயோகப் பொருள்கள் என்று வாதிட்டார். ஒருவரோடு நெருக்கமாகவும் வழக்கமாகவும் உபயோகத்தில் இருப்பவையே அந்த வகையில் வரும் என்று சொல்லி நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பூஜையில் வைத்துவிட்டு மீண்டும் பெட்டியில் பூட்டும் வெள்ளியை விற்பவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எப்படிப் போகிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். தாத்தா 1946இல் கும்பகோணத்து வியாபாரி ஒருவரிடம் 150 ரூபாய்க்கு ஆலிலைக் கிருஷ்ணன் ஓவியம் ஒன்றை வாங்கினார். பலாப்பலகையில் துணி ஒட்டி, தங்க ரேக்கு பதித்த பழைய தஞ்சாவூர் ஓவியம். அவர் 1988இல் காலமானதும் அது ஒரே மகளுக்கு வந்தது. அந்த அம்மாள் 2019இல் கணவருக்குப் பின் காலமாக, மகனும் மகளும் சம பங்கு வாரிசுகள் ஆனார்கள். 2025 டிசம்பரில் அண்ணனும் தங்கையும் ஓர் ஏல நிறுவனம் மூலம் அதை 18 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள்.

அடக்கவிலை என்ன? வாரிசு ஒன்றும் கொடுக்கவில்லை என்றாலும் சட்டம் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதில்லை. உயில், வாரிசுரிமை போன்ற வழிகளில் கைமாறி வந்த பொருளுக்கு, கடைசியாக அதைப் பணம் கொடுத்து வாங்கியவரின் விலையே வாரிசின் அடக்கவிலை. இங்கே அது தாத்தா கொடுத்த 150 ரூபாய். அதோடு நின்றால் வாரிசுக்கு ஒரு பயனும் இல்லை. பொருள் 2001 ஏப்ரல் 1க்கு முன்பே குடும்பத்துக்கு வந்திருந்தால், வாங்கிய விலைக்குப் பதிலாக அன்றைய தேதியில் அதன் நியாயமான சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. பழம்பொருள் விற்கும் வாரிசுக்கு இருக்கும் மிகப் பெரிய சலுகை இதுதான். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த ஓவியத்தின் 2001 மதிப்பை 4,50,000 ரூபாய் என்று காரணங்களோடு எழுதித் தந்தார் என்று வைத்துக்கொள்வோம்.

வைத்திருந்த காலமும் தாத்தா வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். இத்தகைய பொருள்களுக்கு 24 மாதத்தைத் தாண்டினால் நீண்டகால ஆதாயம். அம்மா இறந்து ஆறு மாதத்தில் விற்றிருந்தாலும் இந்த ஓவியத்துக்குக் கிடைப்பது நீண்டகால ஆதாயம்தான், அதற்கு விகிதம் 12.5 சதவீதம்.

இனிக் கழிவுகள். ஏல நிறுவனத்தின் கமிஷன் 10 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 2,12,400 ரூபாய். ஓவியத்தைப் பெட்டிகட்டி இன்சூரன்ஸோடு அனுப்பியதற்கு 17,600. இவை விற்பனைக்காகவே செய்த செலவு என்பதால் முழுவதும் கழியும். 2012இல் பலகையைக் கரையான் அரித்ததால் அம்மா ஒரு பாதுகாப்புக் கலைஞரைக் கொண்டு பலகையைப் பலப்படுத்தி, உதிர்ந்த ரேக்கைச் சரிசெய்தார். அதற்கான 60,000 ரூபாய் பில் இருக்கிறது. 2001க்குப் பிறகு, பொருளின் நிலையையே உயர்த்திய செலவு என்பதால் அதையும் மேம்பாட்டுச் செலவாகச் சேர்க்கலாம். வருடாவருடம் கண்ணாடி துடைத்த செலவையும், புது ஆணி அடித்த செலவையும் சேர்க்க முடியாது.

18,00,000 ரூபாயிலிருந்து விற்பனைச் செலவு 2,30,000, அடக்கவிலை 4,50,000, மேம்பாடு 60,000 ஆகியவற்றைக் கழித்தால் ஆதாயம் 10,60,000. இதை அண்ணனும் தங்கையும் ஆளுக்கு 5,30,000 என்று அவரவர் கணக்கில் காட்ட வேண்டும். சம்பளக்காரரான அண்ணனுக்கு 12.5 சதவீதமாக 66,250, அதன்மேல் 4 சதவீத செஸ் 2,650, மொத்தம் 68,900 ரூபாய். தங்கைக்கு வேறு வருமானம் இல்லை. இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால், மீதமுள்ள வரம்பை இத்தகைய நீண்டகால ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம். எனவே அவர் 1,30,000 ரூபாய்க்கு மட்டும், செஸ் சேர்த்து 16,900 கட்டினால் போதும். ஒரே ஓவியத்தில் சம பங்கு வைத்திருந்த இருவர் கட்டும் வரியில் இவ்வளவு வித்தியாசம். பல வீடுகளில் பணம் வந்து சேர்ந்த கணக்கு அண்ணனுடையது என்பதற்காக முழு ஆதாயத்தையும் அவர் பெயரிலேயே காட்டிவிடுகிறார்கள். அது கூடுதல் வரி என்பதோடு உண்மைக்கும் மாறானது.

12 லட்சம் வரை வரியில்லை என்ற விளம்பரத்தை நம்பித் தங்கை கட்டாமல் இருந்துவிடக் கூடாது. அந்தத் தள்ளுபடி இதுபோல் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் ஆதாயத்துக்குச் செல்லாது. ஆதாயம் உள்ளவர்கள் சம்பளக்காரர்களின் எளிய படிவத்தைத் தாக்கல் செய்யவும் முடியாது. அவர்களுக்கு உரியது ITR-2. அண்ணனைப் போல வரி 10,000 ரூபாயைத் தாண்டினால், டிசம்பரில் விற்ற பொருளுக்கான வரியை மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்டிவிட்டால் வட்டி மிஞ்சும்.

இதே ஓவியத்தை 2024 ஜூலை 23க்கு முன் விற்றிருந்தால் கணக்கு வேறு. அப்போது விகிதம் 20 சதவீதம் என்றாலும், 2001 மதிப்பைப் பணவீக்கக் குறியீட்டால் பெருக்கிக்கொள்ள முடிந்தது. 2001-02க்கு 100 ஆக இருந்த குறியீடு 2024-25க்கு 363. நாலரை லட்சம் ஏறத்தாழ பதினாறே கால் லட்சமாக உயர்ந்திருக்கும், கழிவுகளோடு ஆதாயமே இல்லாமல் போயிருக்கும். வீடு, நிலம் விற்பவர்களுக்கு எதிர்ப்பு எழுந்தபின் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் திருப்பித் தந்தார்கள். ஓவியத்துக்கும் சிலைக்கும் நகைக்கும் அது இல்லை. இருபத்தைந்து வருடப் பணவீக்கத்தை ஆதாயம் என்று கூறி வரி வாங்குவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. நிலத்துக்குப் பேசப் பெரிய கூட்டம் இருந்தது, தாத்தா வீட்டு ஓவியத்துக்குப் பேச ஆளில்லை. ஆனால் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது. பெருக்கல் போய்விட்டதால் 2001 மதிப்பை ஒருமுறை சரியாக நிறுவுவது இன்னும் முக்கியமாகிவிட்டது. அந்த மதிப்பில் விட்டுப்போகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் செஸ் சேர்த்து 13,000 ரூபாய் கூடுதல் வரி.

அந்த மதிப்பை எப்படி நிறுவுவது? வருமான வரித் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களில் நகைக்குத் தனி, கலைப்பொருளுக்குத் தனி ஆட்கள் உண்டு. வீடு மதிப்பிடும் பொறியாளரிடம் ஓவியத்தைக் காட்டிச் சான்று வாங்குவது வீண். நல்ல மதிப்பீட்டாளர் இன்றைய விலையிலிருந்து மனக்கணக்காகப் பின்னோக்கிப் போக மாட்டார். 2001ஐ ஒட்டிய வருடங்களில் அதே பாணி, அளவு, வயது உள்ள ஓவியங்கள் ஏலத்திலோ கடையிலோ என்ன விலைக்குப் போயின என்று தேடுவார். பலகை பலாவா பிளைவுட்டா, ரேக்கு அசலா, பின்னால் யாராவது புதுவண்ணம் பூசியிருக்கிறார்களா என்று பார்ப்பார். 2001இல் ஓவியம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்பார். இந்தக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் 2012இல் சீர்செய்த ஓவியத்தின் இன்றைய அழகை வைத்து 2001க்கு மதிப்பிட்டுவிட்டு, சீர்செய்த செலவையும் தனியாகக் கழித்தால் ஒரே தொகையை இருமுறை எடுத்தது போலாகும்.

அறிக்கையில் இந்த ஒப்பீடுகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொகையும் முத்திரையும் மட்டும் உள்ள ஒரு பக்கச் சான்று விசாரணையில் நிற்காது. காட்டப்பட்ட மதிப்பு உண்மையான சந்தை மதிப்புக்கு மாறுபட்டது என்று அதிகாரி கருதினால், துறையின் சொந்த மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. விற்ற விலைக்கு அருகிலேயே 2001 மதிப்பை நிறுத்தும் அறிக்கைகள் அந்தச் சந்தேகத்தைத் தானாகவே எழுப்பும். பொருள் கைவிட்டுப் போவதற்கு முன்பே மதிப்பீட்டாளர் அதை நேரில் பார்ப்பது மிக அவசியம். விற்றபிறகு படத்தை மட்டும் அனுப்பி மதிப்பு கேட்பவர்கள் பலவீனமான அறிக்கையோடு நிற்கிறார்கள்.

குடும்பத்துக்கு 2001க்குப் பிறகு வந்த பொருள் என்றால் இந்தச் சலுகை இல்லை. அப்பா 2008இல் வாங்கிய ஓவியத்துக்கு அவர் கொடுத்த விலைதான் அடக்கவிலை. விலையைக் கண்டறிய வழியே இல்லாவிட்டால், அது அவர் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதனால் பில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அடக்கவிலையைப் பூஜ்யம் என்று போட வேண்டாம், விலை தெரியாததால் வரியே இல்லை என்றும் எண்ண வேண்டாம்.

இனி, மதிப்பீட்டாளரால் தர முடியாத ஒன்று: பொருள் 2001க்கு முன்பே இந்தக் குடும்பத்தில் இருந்தது என்பதற்கான சான்று. அதை வீட்டில்தான் தேட வேண்டும். நம் கற்பனைக் குடும்பத்தில் தாத்தாவின் கணக்குப் பேரேட்டில் 1946ஆம் வருடத்துப் பற்று வரி ஒன்று இருக்கிறது. 150 ரூபாய் என்ற எண்ணால் வரிக் கணக்கில் பயன் இல்லை. ஆனால் எங்கே, யாரிடம், எப்போது வாங்கினார் என்பதை அந்த ஒரு வரி நிலைநாட்டிவிடுகிறது. சட்டத்தின் பின்புறம் ஒட்டியுள்ள கண்ணாடிக் கடைச் சீட்டு, அதில் பழைய ஐந்து இலக்கத் தொலைபேசி எண். 1970களில் கூடத்தில் எடுத்த கல்யாணப் படம், மணமக்களுக்குப் பின்னால் சுவரில் அதே ஓவியம், படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும். இப்படிப்பட்டவற்றைப் பலர் குப்பை என்று தூக்கிப் போடுகிறார்கள். ஓவியத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய சட்டத்தைக் கழற்றி எறிபவர்கள் அந்தச் சீட்டையும் சேர்த்தே எறிகிறார்கள்.

பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதற்கு ஈடு வேறில்லை. உயிலில் "வீட்டிலுள்ள சாமான்கள் அனைத்தும்" என்று எழுதியிருப்பது போதாது, ஓவியம், சிலை என்று தனித்தனியாக எழுதியிருந்தால் நல்லது. இப்போது உயில் எழுதுபவர்கள் அளவையும் படத்தையும் இணைப்பாக வைத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. பெண்ணுக்குக் கொடுத்த சீர் சாமான் பட்டியல், பழைய இன்சூரன்ஸ் பாலிசி, எஸ்டேட் டியூட்டி காலத்து மதிப்பீட்டு உத்தரவு, நகை என்றால் சொத்து வரிக் கணக்கோடு இணைத்த மதிப்பீட்டு அறிக்கை ஆகியவையும் கனமான சான்றுகள். சொத்து வரிச் சட்டம் 2015இல் நீக்கப்பட்டதும் பல வீடுகளில் அந்தக் கோப்புகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அரசு அதிகாரியிடம் உரிய காலத்திலேயே தாக்கல் செய்த காகிதம் என்பதால், பின்னால் எழுதி வாங்கும் எந்த உறுதிமொழியைவிடவும் அதற்கு மதிப்பு அதிகம்.

கைமாறிய வழியையும் காட்ட வேண்டும். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் இறப்புச் சான்றிதழ், இருவருக்கும் உரிய வாரிசுச் சான்றிதழ்கள் ஆகியவை சேர்ந்தால் 1946 முதல் 2025 வரை இடைவெளி இல்லாமல் வந்துவிடும். நடுவில் ஒரு தலைமுறைக்குக் காகிதம் இல்லை என்றால், விவரம் தெரிந்த மூத்த உறவினர் ஒருவரிடம், அவர் உயிரோடு இருக்கும்போதே, அறிந்ததை உறுதிமொழிப் பத்திரமாக வாங்கி வைக்கலாம். தனியாக நின்றால் அது பலவீனம், பழைய படத்தோடு சேர்ந்தால் பலம்.

ஓவியம், சிலை விஷயத்தில் வரிக்கு முன்னால் இன்னொரு சட்டம் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடத்துக்குக் குறையாத கல், உலோக, சுடுமண், தந்தச் சிற்பங்கள், ஓவியங்கள், மரச் சிற்ப வேலைப்பாடுகள் ஆகியவற்றை வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிந்து, படம் ஒட்டிய சான்றிதழ் வாங்க வேண்டும். விற்றால் அதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதியே இல்லை. வெளிநாட்டு வாரிசு பெட்டியில் வைத்து எடுத்துப்போய் அங்கே விற்றுவிடலாம் என்று நினைத்தால், அது வரிப் பிரச்சினையாக நில்லாது, குற்றவியல் வழக்காக முடியும். கோயில் சிலைகள் திருடுபோன வரலாறு தமிழ்நாட்டில் நீண்டது; அதற்கென்றே காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இயங்குகிறது. சான்றிதழும் பூர்வீகமும் இல்லாத வெண்கலச் சிலையை விலைபேசுவது எத்தனை ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. பதிவில்லாத பழஞ்சிலை வீட்டில் இருந்தால் விலைக்குக் காட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பதிவு அலுவலரிடம் போவதுதான் முறை.

அதே சான்றிதழ் வரிக் கணக்கிலும் உதவுகிறது. நம் தாத்தா 1977இல் ஓவியத்தைப் பதிவு செய்திருந்தார் என்றால், ஓவியத்தின் படமும் அவருடைய பெயரும் தேதியும் அடங்கிய அரசுச் சான்று கையில் இருக்கிறது. 2001க்கு முன்பே குடும்பத்திடம் இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது அரிது.

பணம் வாங்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. "பாதி வெள்ளை, பாதி ரொக்கம்" என்று பேசும் வியாபாரி தன் வசதிக்காகப் பேசுகிறார். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, வங்கிக் கணக்கில் வந்த பெருந்தொகைக்கு வாரிசால் விளக்கம் சொல்ல முடியாத நிலை. பொருள் பரம்பரையாக வந்தது என்பதை நிறுவ முடியாவிட்டால் அதிகாரி அதை விளக்கமில்லாத பணமாகக் கொள்ளலாம். 2025-26 நிதியாண்டில் அதற்கான வரி, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து, 78 சதவீதம். கழிவு எதுவும் கிடையாது. 18 லட்சத்துக்கு 14 லட்சத்து 4 ஆயிரம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டும் 85,800 ரூபாய்க்குப் பக்கத்தில் இந்தத் தொகையை வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன சீட்டும் படமும் சான்றிதழும் எதைக் காப்பாற்றுகின்றன என்பது புரியும்.

ஆகவே விற்பனைச் சீட்டில் பொருளின் பெயர், அளவு, பதிவு எண், விற்கும் வாரிசுகள் எல்லோருடைய பெயரும் பேன் எண்ணும் அவரவர் பங்கும் இருக்கட்டும். முடிந்தால் வாங்குபவர் ஒவ்வொருவர் கணக்குக்கும் அவரவர் பங்கைத் தனியாகவே அனுப்பட்டும். ஒரே கணக்குக்கு வந்தாலும், பிரித்துக்கொண்ட விவரத்தை எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதி, பங்கை வங்கி வழியாகவே மாற்றிவிட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவர் பங்குக்கு வாங்குபவர் வரியைப் பிடித்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். தங்கைக்குக் கிடைத்த அடிப்படை வரம்புக் கழிவு அவருக்கு இல்லை. அவர் குடியிருக்கும் நாட்டிலும் அந்த ஆதாயத்தைக் காட்ட வேண்டி வரலாம்.

சொந்த வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர்கள், விற்பதற்கு முன் ஆடிட்டரிடம் இதையும் கேட்டுக்கொள்ளலாம். விற்பனைச் செலவு போகக் கிடைத்த தொகை முழுவதையும் இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்குவதிலோ மூன்று வருடத்துக்குள் கட்டுவதிலோ போட்டால் இந்த ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. ஒரு பகுதியைப் போட்டால் அதற்கேற்ற பங்கு விலக்கு. விற்கும் நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு சொந்தமாக இருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உள்ளன.

இங்கே சொன்ன விகிதங்களும் வரம்புகளும் 2026 மார்ச்சில் முடியும் நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறுவதால், அதற்குப் பிறகு விற்பவர்கள் பழைய கட்டுரைகளிலுள்ள எண்களை அப்படியே படிவத்தில் எழுத வேண்டாம், விற்கும் ஆண்டின் விகிதத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரி கட்டியபிறகும் கோப்பை உடனே கட்டிப் போட்டுவிட முடியாது. இப்போதைய விதிப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று வருடம் மூன்று மாதம் வரை கணக்கை மீண்டும் திறக்கலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சத்தைத் தொடுகிறது என்று துறை கருதினால் ஐந்து வருடம் மூன்று மாதம். மதிப்பீட்டு அறிக்கையின் அசலையும், ஏல நிறுவனத்தின் கணக்குச் சீட்டையும், ஓவியத்தின் முன்புறமும் பின்புறமும் எடுத்த படங்களையும் அதுவரை இரு வாரிசுகளும் தனித்தனிப் பிரதியாக வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் நோட்டீஸ் இருவருக்கும் தனித்தனியாகத்தான் வரும்.